ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? – வீட்டுப் பராமரிப்புப் பணிக்கு நியாயமான கூலி போடுவது எப்படி

(கோடியக்கரையில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களிடமும் முதியோர் உள்ள குடும்பத்தாரிடமும் பேசியதின் எழுத்து வடிவம்)

இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல ரெண்டு வகை இருக்கீங்க. வீட்ல படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவையோ மாமனாரையோ பார்த்துக்க ஆள் தேடுறவங்க ஒரு பக்கம். அந்த வேலைக்குப் போகலாமான்னு யோசிக்கிற அக்காமார்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "என்ன கொடுக்கணும்?", "என்ன கேட்கணும்?"

இதுக்குப் பொதுவா கிடைக்கிற பதில் "ஊர்ல என்ன போகுதோ அது." அந்தப் பதிலை வச்சுக்கிட்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஒருத்தர் மாசம் 15 ஆயிரம் என்பார், இன்னொருத்தர் 30 ஆயிரம் என்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு வீட்டில் பாட்டி ராத்திரி முழுக்கத் தூங்குவார். இன்னொரு வீட்டில் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார். இரண்டுக்கும் பெயர் "தங்கி வேலை"தான். ஆகவே கூலியைக் கேட்பதற்கு முன்னால் மணிநேரத்தை எண்ணுவோம். இன்றைக்கு நான் சொல்லப்போவது அந்த எண்ணிக்கை ஒன்றைத்தான்.

முதலில், யாரைத் தேடுகிறோம்?

நாம் எல்லாரையும் "ஹோம் நர்ஸ்" என்று கூப்பிடுகிறோம். ஆனால் செவிலியர் என்றால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தவர். ஊசி போடுவது, மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர் வேலை. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது, மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் பராமரிப்பாளர் வேலை.

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை நாள் முழுக்கப் பராமரிப்பாளரும், எப்போதாவது அரை மணி நேரம் செவிலியரும்தான். அரை மணி நேர வேலைக்காக 12 மணி நேரத்துக்கும் செவிலியர் கூலி கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. செவிலியரை ஷிஃப்டுக்கு வைக்காமல், "ஒரு தடவை வந்து போக இவ்வளவு" என்று பேசுங்கள். அதிலும் ஒரு பகுதி நமக்கு இலவசமாகவே கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையோடு, இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, அவர்கள் செய்து கொடுப்பது எது என்று கேட்டுக்கொண்டு, மீதிக்கு மட்டும் பணம் கொடுத்து ஆள் தேடுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லணும். பராமரிப்பாளராக வந்த அக்காவிடம் "அப்படியே இந்த ஊசியையும் போட்டுடும்மா" என்று கேட்காதீர்கள். வேலைக்குப் போகிற அக்காமார்களும் "எனக்குத் தெரியும்" என்று போடாதீர்கள். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மணிக்கு எவ்வளவு?

எல்லாக் கணக்குக்கும் அடி, ஒரு மணி நேரக் கூலி. அதை எங்கிருந்து எடுப்பது? இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது, அரசு. தமிழ்நாடு அரசு வீட்டுப் பணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2018-ல் அறிவித்தது. திறன் தேவைப்படாத வேலைக்கு அன்றைக்கு மணிக்கு 37 ரூபாய். இந்த 37-ஐ இன்றைக்கும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 2018-ன் எண். குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படை ஊதியம் ஒரு பங்கு, அகவிலைப்படி இன்னொரு பங்கு. அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். அதனால் இந்த வருடத்து எண்ணை labour.tn.gov.in தளத்தில் பாருங்கள், அல்லது தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்குக் கீழே போவது பேரம் இல்லை, சட்ட மீறல்.

இரண்டாவது, ஊர். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற அக்கா, வராவிட்டால் என்ன வேலைக்குப் போயிருப்பார்? உப்பளம், நடவு, இறால் கம்பெனி, கருவாடு, இல்லை நூறு நாள் வேலை. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டின் கூலி நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. மற்ற வேலைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று தெருவில் மூன்று பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடவுக்குப் போனால் மதியமே முடிந்துவிடும். நாள் கூலி என்று சொல்வதை அவர்கள் உண்மையில் வேலை பார்த்த மணிநேரத்தால் வகுத்தால்தான் மணிக்கூலி வரும்.

இன்றைய கணக்குக்கு, நீங்கள் விசாரித்ததில் மணிக்கு 60 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இது அரசு நிர்ணயித்த விலை இல்லை, கணக்கு போட்டுக் காட்டுவதற்கு நான் எடுத்த எண். உங்கள் எண் வேறாக இருக்கும். இந்த ஆண்டின் அரசு எண் இதைவிட அதிகமாக இருந்தால் அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

இதன் மேல் பராமரிப்புக்கு என்று ஒரு பங்கு சேர்க்க வேண்டும். ஆளைத் தூக்குவதும் மலம் சிறுநீர் சுத்தம் செய்வதும் ஒரு உயிருக்குப் பொறுப்பு ஏற்பதும் உப்பு வாருகிற வேலையில் இல்லாதவை. நான் கால் பங்கு சேர்ப்பேன். 60-க்கு கால் பங்கு 15. ஆக மணிக்கு 75. நோயாளி தானே எழுந்து நடப்பவர், துணைக்கு மட்டும் ஆள் போதும் என்றால் இந்தக் கால் பங்கு வேண்டியதில்லை. 80 கிலோ எடையுள்ளவரை ஒரே ஆள் புரட்ட வேண்டும் என்றால் கால் பங்கு போதாது.

பகல் ஷிஃப்ட்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உதாரண வீடுதான். ஆனால் இந்த மாதிரி வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் செயல் இழந்துவிட்டது. வேதாரண்யம் அரசு மருத்துவமனை, அப்புறம் நாகப்பட்டினம் என்று போய்வந்து இப்போது வீட்டில் இருக்கிறார். மகன் திருப்பூரில். மருமகள் இங்கே, காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் 4 மணிக்குத் திரும்புவார். அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டணும், டயப்பர் மாற்றணும், புரட்டணும், கை கால் பயிற்சி கொடுக்கணும்.

ஏஜென்சியைக் கேட்டால் காலை 8 முதல் இரவு 8 வரை, 12 மணி நேர ஷிஃப்ட் என்பார்கள். அது அவர்கள் ஆட்களை இரண்டாகப் பிரித்து அனுப்ப வசதியான அளவு. உங்கள் வீட்டுத் தேவையின் அளவு அது இல்லை.

நாளுக்கு 8 மணி நேரம்தான் சாதாரண வேலைநேரம் என்று வைத்துக்கொண்டால் 8 மணிக்கு 75 வீதம் 600 ரூபாய். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது நம் ஊதியச் சட்டங்களில் நெடுநாளாக இருக்கிற விதி. 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் உண்மையாகவே ஓய்வு கொடுத்தால் 11 மணி நேர வேலை. 8 மணிக்கு 600, மீதி 3 மணிக்கு 150 வீதம் 450. மொத்தம் 1,050.

இப்போது பாருங்கள். 600 எங்கே, 1,050 எங்கே! மருமகள்தான் 4 மணிக்கு வந்துவிடுகிறாரே. 8 முதல் 4 வரை ஆளை வைத்தால் 600-ல் முடிகிறது. அந்தக் கடைசி நான்கு மணி நேரத்துக்கு, அதில் ஒரு மணி ஓய்வு போக, 450 ரூபாய் போகிறது. செலவைக் குறைக்க வேண்டுமா, மணிநேரத்தைக் குறையுங்கள். அக்காவின் மணிக்கூலியில் கை வைக்காதீர்கள். இந்தக் கணக்கு முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

ஓய்வு என்று சொன்னேனே, அதையும் தெளிவாக்கிக்கொள்வோம். "அம்மா தூங்குறாங்க, நீயும் கொஞ்சம் படு" என்பது ஓய்வு இல்லை. கூப்பிட்டால் எழ வேண்டும் என்றால் அது காத்திருப்பு. அவர் எழுந்து கடைக்குப் போகலாம், போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம், வேறொருவர் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் என்றால்தான் அது ஓய்வு. வேலை, காத்திருப்பு, சொந்த நேரம் – இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் இரவுக் கணக்கு எளிது.

இரவு ஷிஃப்ட்

தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டார் "ராத்திரி சும்மாதானே படுத்திருக்காங்க" என்பார்கள். வந்தவர் "கண்ணே மூடலை" என்பார். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆள் வைப்பதற்கு முன்னால் மூன்று இரவு, வீட்டில் ஒருவர் அம்மா பக்கத்தில் படுத்து, எழுந்த நேரத்தையெல்லாம் போனில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தோம், எதற்கு, திரும்ப எப்போது படுத்தோம். மூன்று நாள் குறிப்பு கையில் இருந்தால் சண்டை வராது.

நம் உதாரண வீட்டில் இரவு 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம். அம்மாவுக்குக் காற்றுப் படுக்கை போட்டிருக்கிறது, புரட்டும் இடைவெளியை மருத்துவர் சொல்லியிருக்கிறார். குறித்துப் பார்த்ததில் 12 மணிக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை, ஐந்தரைக்கு ஒரு தடவை எழ வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு எழுப்பலுக்கும் குறைந்தது அரை மணி போடுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தாலும் திரும்பத் தூக்கம் வர நேரம் ஆகும். மூன்று எழுப்பல், ஒன்றரை மணி நேரம், 75 வீதம் 112 ரூபாய் 50 காசு. மீதி ஆறரை மணி நேரம் காத்திருப்பு.

காத்திருப்புக்கு என்ன கூலி? இதில் உலகத்துக்கே ஒரே கருத்து இல்லை. 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக ஏற்றுக்கொண்ட 189-ஆவது உடன்படிக்கை, தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், நாட்டின் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகப் பார்க்க வேண்டும் என்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கைக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. பிரிட்டனில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிராகத் தீர்ப்பு சொன்னது: தங்கித் தூங்கும் ஷிஃப்டில், விழித்து வேலை செய்த நேரத்துக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியக் கணக்கு பொருந்தும் என்று. அங்கே பராமரிப்புப் பணியாளர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

என் யோசனை மூன்றில் இரண்டு பங்கு. 75-க்கு 50 ரூபாய். பாதி என்று போடலாமே என்று கேட்பீர்கள். பாதி போட்டால் மொத்தக் கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே விழுந்துவிட வாய்ப்பு அதிகம். சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் அரைத் தூக்கம் தூங்குகிறவருக்கு அது சரியும் இல்லை. ஆறரை மணிக்கு 50 வீதம் 325. எழுந்த நேரத்தையும் சேர்த்தால் 437.50. வட்டமாக 440 ரூபாய். இந்தத் தொகையை 8-ஆல் வகுத்து, வருகிற மணிக்கூலி அரசு எண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்றுங்கள்.

இது தூங்கும் இரவு. விழித்திருக்கும் இரவு வேறு. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், சளி எடுக்க வேண்டும், மறதி நோயால் எழுந்து நடமாடுகிறார் என்றால் அங்கே தூக்கமே இல்லை. எல்லைக் கோடு எது? நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: வந்தவர் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்க முடிந்ததா? உதாரண வீட்டில் பன்னிரண்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தார், முடிந்தது. முடியவில்லை என்றால் 8 மணி நேரமும் முழு வேலை, 600 ரூபாய். அதோடு இரவு விழிப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு, 120. மொத்தம் 720. இந்த ஐந்தில் ஒரு பங்கைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பகல் வேலைக்குக் கிடைக்கிற அதே பணத்துக்கு ராத்திரி முழுக்க யார் கண் விழிப்பார்?

வீட்டாருக்கு ஒரு எச்சரிக்கை. விழிக்க வேண்டிய இரவுக்குத் தூங்கும் இரவின் கூலி கொடுத்தால் என்ன நடக்கும்? அவர் தூங்கிவிடுவார். உடம்பு அவ்வளவுதான் தாங்கும். புரட்டவில்லை என்பதை அம்மாவின் உடம்பே காட்டிக்கொடுக்கும். காலையில் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். மாநிறத்துக்கு மேல் கறுப்பான தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள தோலை விட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அது வந்தபின் செவிலியர் வருகை, கட்டு, மருந்து என்று ஆகும் செலவில், நீங்கள் மிச்சம் பிடித்த 280 ரூபாய் நிற்காது.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. கோடியக்கரை சாலையின் கடைசி முனை. வேதாரண்யத்திலிருந்து வரும் ஆளுக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் பேருந்து இருக்கும் நேரத்தில்தான். 10 மணி ஷிஃப்டுக்கு அவர் 8 மணிக்கே வந்து சேர வேண்டியிருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருப்புதான், 100 ரூபாய் சேருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பேருந்துக்கு ஏற்றமாதிரி வைத்தால் அந்த 100 ரூபாய் மிச்சம். மழைக்காலத்தில் மாற்று ஆள் வர முடியாமல் இருப்பவரே தொடர வேண்டி வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்துபோன ஊர் இது, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படித் தொடர்கிற மணிநேரங்களுக்கு இரட்டைக் கூலி என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

தங்கி வேலை

இப்போது 24 மணி நேரம். அதே வீடு, ஒரே ஆள் தங்கிப் பார்க்கிறார் என்று வைப்போம். பகல் 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரத்தில், குளியல், சாப்பாடு, டயப்பர், பயிற்சி எல்லாம் சேர்த்துக் கையால் செய்யும் வேலை 7 மணி நேரம். அம்மா தூங்கும்போது காது கொடுத்துக்கொண்டு இருப்பது 4 மணி நேரம். மருமகள் பார்த்துக்கொள்ள, இவர் சொந்தமாக வைத்துக்கொள்வது 5 மணி நேரம். இரவு, முன்பு சொன்னபடி, வேலை ஒன்றரை, காத்திருப்பு ஆறரை.

கூட்டினால் வேலை எட்டரை மணி, காத்திருப்பு பத்தரை மணி, சொந்த நேரம் 5 மணி. வேலையில் முதல் 8 மணிக்கு 600, மிகை அரை மணிக்கு 75, ஆக 675. காத்திருப்புக்கு 50 வீதம் 525. நாளுக்கு 1,200 ரூபாய்.

வாரம் ஒரு நாள் விடுப்பு கட்டாயம். மாதம் 26 நாள் என்றால் 31,200. விடுப்பு நான்கு நாளுக்கு மாற்று ஆள் வைத்தால் இன்னொரு 4,800. மொத்தம் 36,000.

சத்தம் வருகிறது, தெரிகிறது. "ஊர்ல 19 ஆயிரத்துக்குத் தங்கி வேலைக்கு ஆள் இருக்காங்களே" என்று ஒரு அண்ணன் சொல்கிறார். சரி அண்ணே, அந்த 19 ஆயிரத்தையும் கணக்கில் போட்டுப் பார்த்துவிடுவோம். இதே வீட்டில் இரவு மருமகள் அம்மாவோடு படுக்கிறார், கூப்பிட்டால் அவர்தான் எழுகிறார், பராமரிப்பாளர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார் என்று வையுங்கள். அப்போது இவருக்கு வேலை 7 மணி, 525 ரூபாய். காத்திருப்பு 4 மணி, 200 ரூபாய். நாளுக்கு 725. 26 நாளைக்கு 18,850.

அந்த 19 ஆயிரம், இரவு அவருக்கே சொந்தமாக இருக்கும் தங்கி வேலைக்கான கூலி. அதைக் கொடுத்துவிட்டு இரவையும் கேட்கும்போது, மாதம் 12 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்காமல் விடுகிறோம். பத்தாவது நாள் "ஊர்ல ஒரு விசேஷம்" என்று போனவர் திரும்பி வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பகல் 8 முதல் 4 வரை ஒரு அக்கா, 600. இரவு 10 முதல் 6 வரை இன்னொரு அக்கா, 440. நாளுக்கு 1,040, முப்பது நாளைக்கும் 31,200. மீதி 8 மணி நேரம் வீட்டார். தங்கி வேலைக்கு ஒரே ஆள் வைத்தால் மலிவு என்று நினைத்தோமே, மாற்று ஆளையும் சேர்த்தால் அதுதான் 36,000. உள்ளூரிலேயே, நடந்து வரும் தூரத்தில் இரண்டு பேர் கிடைத்தால் இந்த ஏற்பாடு செலவும் குறைவு, இருவருக்கும் தூக்கமும் வீடும் மிஞ்சும். வீட்டில் பகலில் யாருமே இல்லை, ஊரில் ஆளும் இல்லை என்றால்தான் தங்கி வேலைக்குத் தேவை.

சாப்பாடு, படுக்கை இவற்றைக் கூலியில் கழிக்கலாமா என்று கேட்கிறார்கள். என் பதில், கூடாது. அவர் உங்கள் வீட்டில் தங்குவது உங்கள் தேவைக்காக. ஆனால் என்னென்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள்: மூன்று வேளைச் சாப்பாடா, சோப்பு எண்ணெய் யாருடையது, படுக்க எங்கே. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சொந்த நேரம் என்று எழுத முடியாது.

அதேபோல, பராமரிப்புக்கு வந்தவரிடம் வீட்டுக்கே சமையல், எல்லாருடைய துணியும் என்று சேர்ந்துகொண்டே போகும். நோயாளியின் சாப்பாடு, நோயாளியின் துணி அவர் வேலை. மற்றது வேண்டும் என்றால் அதுவும் மணிநேரம்தான், எண்ணி முன்னாலேயே கூலியில் சேருங்கள்.

ஏஜென்சி மூலமாக வந்தால்

ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் கொடுப்பதில் வருகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது?" ஆளைத் தேடித் தருவது, மாற்று ஆள் அனுப்புவது, விவரம் சரிபார்ப்பது இதற்கெல்லாம் அவர்களுக்கு ஒரு பங்கு நியாயம்தான். ஆனால் நாம் போட்ட கணக்கு பணியாளர் கைக்குப் போக வேண்டிய தொகை. நீங்கள் 1,050 கொடுத்து அவர் கைக்கு 600 போனால், 12 மணி நேரத்துக்கு 8 மணி நேரக் கூலிதான் போகிறது. பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன்.

ரொம்பக் குறைவாகச் சொன்னாலும் யோசியுங்கள். அதே ஆள் இரவு இன்னொரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு பகலில் உங்கள் வீட்டுக்கு வருகிறாரா என்று பாருங்கள். காலை பத்து மணிக்கே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தால் தெரிந்துவிடும்.

எழுதி வையுங்கள்

பெரிய ஒப்பந்தம் வேண்டாம். ஒரு தாளில் வேலைகள், நேரம், இரவு தூங்கும் இரவா விழிக்கும் இரவா, மணிக்கூலி, விடுப்பு நாள், நிறுத்துவதற்கு முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும் – இவ்வளவு போதும். இரண்டு பேரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூலியை வங்கிக் கணக்கில் போட்டால் அதுவே ரசீது. மாதம் ஒரு தடவை இரவுக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர் மெல்லத் தேறினால் இரவு எழுப்பல் குறையும், கூலியையும் பேசிக் குறைக்கலாம். உடம்பு மோசமானால் தூங்கும் இரவு விழிக்கும் இரவாக மாறும். அப்போது பணியாளர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கு: 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். tnuwwb.tn.gov.in தளத்தில் போன் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். விபத்து, மகப்பேறு, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஆள் வைத்திருக்கும் வீட்டார் "நீ எங்க வீட்லதான் வேலை பார்க்கிற" என்று உறுதி சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுக்கலாம்.

இப்போது போனை எடுங்கள். உங்கள் வீட்டு மணிநேரங்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகக் கணக்கு போடுவோம். முதலில் அந்த 19 ஆயிரம் அண்ணன். உங்க வீட்ல ராத்திரி யார் எழுறாங்க, அண்ணே?